168,000 ரூபாய் வோஷிங் மெஷின்: ஒரு தோய்ப்புக்கு உண்மையில் எவ்வளவு விழுகிறது?

"உப்புவெளியில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். முன்கதவு வைத்த 7 கிலோ வோஷிங் மெஷின் ஒன்று 168,000 ரூபாய். கடைக்காரத் தம்பி 'பத்து வருசத்துக்குப் பிரிச்சுப் பாருங்கோ, நாளுக்கு 46 ரூபாய்தான்' எண்டு சொன்னார். இப்ப ஒரு அக்கா கிழமைக்கு ரெண்டு தரம் வந்து தோய்ச்சுத் தாறா, ஒரு தரத்துக்கு 700 ரூபாய். ரெண்டு தொட்டி மெஷின் 65,000க்கும் இருக்கு. உண்மையில எது லாபம்?"

கடைக்காரத் தம்பி பிரித்த விதத்தில் வகுத்தல் பிழையில்லை. எதால் வகுத்தார் என்பதுதான் பிழை. நாளால் வகுத்தால் மெஷின் மூலையில் சும்மா நிற்கும் நாளும் ஒரு பாவனையாக எண்ணப்பட்டுவிடும். உங்கள் வீட்டில் மெஷினின் பாவனை என்பது ஒரு தோய்ப்பு. அதனால் முதலில் வருடத்துக்கு எத்தனை தோய்ப்பு என்பது தெரிய வேண்டும். அதற்கு மெஷின் தேவையில்லை, குளியலறைத் தராசும் ஒரு கலண்டரும் போதும். நான்கு கிழமைக்கு அழுக்கு உடுப்பை மூட்டையாகக் கட்டி நிறுத்து எழுதுங்கள். உடுப்பு காய்ந்திருக்கும்போதே நிறுக்க வேண்டும், மெஷினில் எழுதியிருக்கும் கிலோக் கணக்கும் காய்ந்த உடுப்புக்குத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 7 கிலோ என்பது பருத்தி உடுப்புக்கான உச்ச அளவு. சேட், பாடசாலைச் சீருடை, நைலோன் கலந்த துணி எல்லாம் கலந்து போட்டால் அதில் பாதியளவு, மூன்றரை நான்கு கிலோதான் நன்றாகத் தோயும். வெள்ளைச் சீருடையைத் தனியாகத்தான் போடுவீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆளுக்கு நாளுக்கு இரண்டு மாற்று உடுப்பு போகும். மாரியில் காயப்போட வழியில்லாமல் தோய்ப்பையே தள்ளிவைப்பீர்கள். இரண்டையும் சேர்த்து நான்கு பேர் வீட்டுக்குக் கிழமைக்கு நான்கு தோய்ப்பு, ஊருக்குப் போகும் கிழமைகளையும் கழித்து வருடத்துக்கு 200 என்று கீழே வைத்திருக்கிறேன். உங்கள் கலண்டர் வேறு எண்ணைச் சொன்னால் அந்த எண்ணைப் போடுங்கள்.

இனி வகுக்கப்பட வேண்டிய தொகை. விலைச்சீட்டில் உள்ள 168,000 அதன் ஒரு பகுதிதான். குழாய்ப் பொருத்து, ஏர்த் சரியாக உள்ள தனிப் பிளக், கறள் ஏறாமல் நிலத்திலிருந்து உயர்த்தி வைக்கும் கால்தட்டு எல்லாம் சேர்த்து 12,000 வையுங்கள், 180,000 ஆகிறது. முன்கதவு மெஷின் தண்ணீரைத் தானே இழுப்பதில்லை, குழாயின் அழுத்தத்தில்தான் எடுக்கிறது. தாங்கியின் தண்ணீர் மட்டம் குழாயைவிடப் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் வரும். உங்கள் தாங்கி குழாய்க்கு மேலே இரண்டு மீற்றரில்தான் இருக்கிறதென்றால் கிடைப்பது 0.2 பார் மட்டும். மெஷினின் கையேட்டில் ஆகக் குறைந்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். உங்களுடையது அதற்குக் கீழே இருந்தால் தண்ணீர் போதாமல் மெஷின் இடையிலேயே நின்றுவிடும், பிறகு ஒரு சிறிய அழுத்தப் பம்பும் வாங்க வேண்டி வரும். அந்தப் பம்பும் இந்த மெஷினின் செலவுதான்.

ஆயுளைக் கடைக்காரர் பத்து வருடம் என்றார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டுக்கு நான் ஏழு என்று வைப்பேன். அந்த ஏழு வருடத்தில் பழுதுபார்ப்புக்கு 35,000, கடைசியில் விற்றால் 15,000 கிடைக்கும் என்று வைத்தால், 180,000 உடன் 35,000 கூட்டி 15,000 கழிக்க 200,000 வருகிறது. ஏழு வருடத்தில் 1,400 தோய்ப்பு. ஆகவே ஒரு தோய்ப்புக்கு 143 ரூபாய்.

இதோடு பலரும் விட்டுவிடும் ஒரு தொகை இருக்கிறது. அந்தப் பணம் நிலையான வைப்பில் கிடந்திருந்தால் வரும் வட்டி. மெஷினின் பெறுமதி 180,000 இல் தொடங்கி 15,000 வரை இறங்குகிறது; நடுவில் எடுத்தால் 97,500. இதற்கு 8 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 7,800 ரூபாய், தோய்ப்புக்கு 39. வங்கி உங்களுக்குத் தரும் வீதம் வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். தவணைக்கு வாங்குவதாக இருந்தால் இந்த வட்டியை விட்டுவிட்டு, எல்லாத் தவணையும் கட்டி முடியும்போது மொத்தமாகக் கையிலிருந்து போகும் தொகையையே விலையாக எடுங்கள். இரண்டையும் போட்டால் ஒரே செலவை இரண்டு தரம் எண்ணுவீர்கள்.

ஓட்டும் செலவு இவற்றைவிடச் சிறியது. குளிர்ந்த தண்ணீரில் தோய்த்தால் ஒரு தடவைக்கு அரை யூனிற்றுக்கும் குறைவு, 40 பாகையில் தோய்த்தால் அதைவிடக் கூடும். கலந்து அரை யூனிற் என்று வைக்கலாம். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் யூனிற்றுக்கு உங்கள் பட்டியலின் கடைசிப் படியின் விலைதான் விழும், சராசரியை எடுக்காதீர்கள். மாதத்துக்கு எட்டு ஒன்பது யூனிற் கூடி அடுத்த படிக்குத் தாவினால் நிலையான கட்டணமும் கூடும். யூனிற் 40 ரூபாய் என்று வைத்தால் தோய்ப்புக்கு 20. நுரை குறைந்த தனித் தூள் வாங்க வேண்டியிருப்பதால், இப்போது வாங்கும் சவர்க்காரத்துக்கு மேலே 15 ரூபாய் என்று வைத்தேன். ஆக 143, 39, 20, 15 எல்லாம் சேர்ந்து ஒரு தோய்ப்புக்கு 217 ரூபாய். கடைக்காரரின் நாளுக்கு 46 ரூபாயைத் தோய்ப்புக்கு மாற்றினால் 84 ரூபாய்தான் வரும். அந்த 84க்கும் 217க்கும் நடுவில் உள்ளதுதான் அவர் சொல்லாமல் விட்டது.

இந்த 217ஐத் தனியாக வைத்துப் பார்த்தால் அது மலிவா விலையா என்று சொல்ல முடியாது. இப்போது அதே வேலைக்கு நீங்கள் கொடுப்பதோடு ஒப்பிட வேண்டும். அக்காவுக்குக் கிழமைக்கு 1,400, வருடத்துக்கு 72,800. அதே 200 தோய்ப்புக்குப் பிரித்தால் 364 வரும். அவ வராத கிழமைகளையும் எண்ணி 350 என்று கொள்வோம். 217க்கும் 350க்கும் இடையில் 133 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 26,600. இதோடு நிறுத்தினால் வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த 350 முழுவதும் உண்மையிலேயே நின்றுபோகுமா என்று யோசியுங்கள். மெஷின் தோய்க்கும், பிழியும். கொடியில் விரிக்காது, மடிக்காது, சேட்டுக் கழுத்துப் பட்டியைக் கையால் உரசாது. கனமான போர்வையையும் பட்டுச் சேலையையும் அதில் போட மாட்டீர்கள். பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், மெஷின் வந்த பிறகும் அக்கா கிழமைக்கு ஒரு தரம் வந்துகொண்டுதான் இருப்பா. அப்படியானால் மெஷினால் நிற்பது கிழமைக்கு 700 மட்டும், வருடத்துக்கு 36,400. தோய்ப்புக்கு 182 ரூபாய். மெஷினுக்கு 217 செலவழித்து 182ஐ மிச்சம் பிடித்தால் வருடத்துக்கு 7,000 ரூபாய் நட்டம்.

இதை வேறு விதமாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். மேலே உள்ள விலையையும் பழுதையும் வட்டியையும் வருடத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 36,400 வருகிறது. அதாவது இந்த மெஷினுக்கும் கிழமைக்கு 700 ரூபாய் சம்பளம். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது கொடுபட்டுக்கொண்டே இருக்கும். மின்சாரமும் தூளும் அதற்கு மேலே. ஆகவே அக்காவின் ஒரு வருகையை மட்டும் நிறுத்துவதற்காக இதை வாங்கினால், எத்தனை தோய்ப்பு போட்டாலும் அந்தக் கணக்கு நேராகாது.

நான் ஆயுளை ஏழு என்று வைத்தது சரியோ என்று கேட்பீர்கள். மேலே உள்ள எண்களில் விலையும் சம்பளமும் உறுதியானவை. ஆயுள், பழுது, கடைசி விற்பனை விலை மூன்றும் மதிப்பீடுதான். அப்படிப்பட்ட எண்ணைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பதைவிட, நல்லதாக ஒரு தரமும் கெட்டதாக ஒரு தரமும் வைத்து, முடிவு மாறுகிறதா என்று பார்ப்பதுதான் பயன். ஐந்தே வருடத்தில் கைவிட நேர்ந்தால், பழுதுக்கு 20,000, விற்றது 30,000 என்று வைத்து, தோய்ப்புக்கு 247 வருகிறது. கடைக்காரர் சொன்னபடி பத்து வருடம் ஓடினால், அவ்வளவு காலத்துக்குப் பழுது 55,000, விற்பனை 5,000 என்று வைத்து, 187 வருகிறது. இரண்டும் 350க்குக் கீழே, இரண்டும் 182க்கு மேலே. எல்லாரும் சண்டை பிடிக்கும் ஆயுள் உங்கள் முடிவை மாற்றவேயில்லை. அக்காவின் வருகை முழுவதும் நின்றுபோகிறதா, பாதிதான் நின்றுபோகிறதா என்பதுதான் மாற்றுகிறது. அவவின் கூலி கூடினாலும் மாறும்: ஒரு தரத்துக்கு 900 ஆனால் ஒரு வருகையை நிறுத்துவதே தோய்ப்புக்கு 234 ரூபாய், அப்போது 217க்கு மெஷின் கொஞ்சம் முந்தும்.

இனி அந்த ரெண்டு தொட்டி மெஷின். 65,000 உடன் பொருத்துச் செலவு 3,000, ஆறு வருட ஆயுள், பழுது 12,000, விற்றால் 6,000. நிகரம் 74,000, தோய்ப்பு 1,200. ஒன்றுக்கு 62 ரூபாய். வட்டி 15. மின்சாரம் 8. இதற்கு முன்கதவு மெஷினைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் போகும். கிணற்றுப் பம்புக்கோ குழாய்த் தண்ணீர்ப் பட்டியலுக்கோ 10 வைத்தேன். சாதாரணத் தூளே போதும். மொத்தம் 95 ரூபாய். அக்கா கிழமைக்கு ஒரு தரம் தொடர்ந்து வந்தாலும் 182க்கு எதிரே 95. வருடத்துக்கு 17,400 மிச்சம். மோசமான நிலையிலும் நட்டப்படாத தெரிவு இதுதான்.

அப்படியென்றால் முன்கதவு மெஷினுக்கு நீங்கள் மேலதிகமாகக் கொடுக்கும் 122 ரூபாய் எதற்கு? பிழிவதற்கு அல்ல, ரெண்டு தொட்டியின் சிறிய பிழியும் தொட்டி வேகமாகச் சுற்றுவது, மாரியில்கூட உடுப்பைச் சொட்டாமல் தரும். நீங்கள் வாங்குவது, பக்கத்தில் நிற்கத் தேவையில்லாத அந்த நேரத்தை. ரெண்டு தொட்டியில் தண்ணீர் விடுவதும், அலசுவதும், உடுப்பைப் பிழியும் தொட்டிக்கு மாற்றுவதும் சேர்ந்து ஒரு தோய்ப்புக்கு அரை மணித்தியாலம் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். அக்கா 700 ரூபாய்க்கு இரண்டரை மணித்தியாலம் வேலை செய்தால் அரை மணிக்கு 140. 122 அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் ஒருவர் இரவு பத்து மணிக்குத்தான் தோய்க்க முடியும் என்ற வீட்டில் அந்த அரை மணி 122க்கு மேலேயே பெறுமதி. பகலில் யாராவது வீட்டில் இருக்கிறார்கள், சமைத்துக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த அளவு பெறாது. இதை வேறு எவரும் உங்களுக்காக விலைபோட முடியாது. ஆனால் இரண்டு மெஷின்களின் முழு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட, இந்த 122ஐ மட்டும் எடுத்துக் கேட்பது விடையைச் சுலபமாக்கும்.

முன்கதவு மெஷின் என்றே முடிவெடுத்தால், உங்கள் ஊரில் ஆயுளைத் தின்னும் இரண்டு விடயங்களை வாங்கமுன் சோதித்துக்கொள்ளுங்கள். ஒன்று தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா, அதில் கொஞ்சம் வினாகிரி விட்டால் நுரைத்துக் கரைகிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணப் படிவு. மெஷினின் சூடாக்கும் கம்பியிலும் அதேதான் கட்டும். படிவு தடித்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும், கடைசியில் கம்பியே எரியும். சூடாக்கும்போதுதான் இந்தப் படிவு பெரும்பாலும் விழுவதால், குளிர் தண்ணீரில் தோய்த்தால் கட்டணமும் குறையும், கம்பியும் தப்பும். உப்புச் சுவையுள்ள கிணறு இன்னொரு சங்கதி. அந்தத் தண்ணீர் கேத்தில் படிவு காட்டாமலேயே இருக்கலாம், ஆனால் தொட்டியின் பின்னால் அதைத் தாங்கும் மூன்று கை அலுமினியத் தாங்கியை அரிக்கும். அப்படியான கிணறு என்றால் மெஷினுக்குக் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள்.

மற்றது தொட்டியின் அமைப்பு. வெளித்தொட்டி திருகாணியால் பூட்டப்பட்டதா, ஒட்டி அடைக்கப்பட்டதா என்று கடையில் அல்ல, பழுதுபார்ப்பவரிடம் மொடல் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். பூட்டப்பட்டதென்றால் பெயாரிங் தேய்ந்தால் பெயாரிங்கை மட்டும் மாற்றலாம். அடைக்கப்பட்டதென்றால் சில ஆயிரம் ரூபாய் பெயாரிங்குக்காக முழுத் தொட்டியையும் மாற்றச் சொல்வார்கள். அப்போது மெஷினையே கைவிடுவதுதான் மலிவாகத் தெரியும். பிழியும்போது விமானம் மேலெழும்புவதுபோல இரைச்சல் வந்தால் அது அந்தப் பெயாரிங்தான். தண்ணீர் வெளியேற்றும் பம்ப், கதவு ரப்பர், கட்டுப்பாட்டு போர்ட் மூன்றின் விலையையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் பழுதுக்கு வைத்த 35,000ஐ அந்த விலைகளால் திருத்தலாம். மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் ஒழுங்கையில் முதலில் போவது போர்ட்தான். வாரண்டி அதை மூடுகிறதா, எத்தனை வருடத்துக்கு என்பதையும் எழுத்தில் பாருங்கள். மோட்டருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிதாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் மோட்டர் பாகத்துக்கு மட்டும்தான். மெஷின் முழுவதுக்கும் எவ்வளவு காலம் என்பது சீட்டில் வேறு இடத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

வாங்கிய பிறகு இந்தக் கணக்கைத் திருப்பிப் போடாதீர்கள். காசு கொடுத்தாயிற்று, நிறையப் பாவித்தால் தோய்ப்புக்கு விழும் தொகை குறையும் என்று, அரை மூட்டையோடு தினமும் ஓட்டத் தொடங்கும் வீடுகள் உண்டு. 217 என்ற எண் 135க்கு இறங்கியதுபோலத் தெரியும். ஆனால் அதே உடுப்புக்கு மின்சாரமும் தூளும் ஏறக்குறைய இரண்டு மடங்கு போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் முதலிலேயே கிலோவில் எண்ணச் சொன்னேன். வாங்கிவிட்ட மெஷினை இன்றைக்கு ஓட்டுவதா என்று தீர்மானிக்க 35 ரூபாய் ஓட்டும் செலவு மட்டும் போதும், மற்றதெல்லாம் ஏற்கனவே போன பணம்.

பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் கம்பஸுக்கோ வேலைக்கோ வெளியூர் போவார்களென்றால், தோய்ப்பு எண்ணிக்கை பாதி வழியில் விழும் என்பதையும் சேருங்கள். கிழமைக்கு இரண்டரை தோய்ப்பு, வருடத்துக்கு 130 என்று வந்தால் முன்கதவு மெஷினில் ஒன்று 315 ரூபாய். அந்தளவு உடுப்புக்கு அக்கா கிழமைக்கு ஒரு தரம் வந்தால் போதும், அது 280. இப்படியொரு வீட்டுக்கு ரெண்டு தொட்டிக்கு மேலே போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆகவே கடைக்குப் போகமுன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: மெஷின் வந்தால் அவ எந்த வேலைக்கு, எத்தனை நாள், என்ன கூலிக்கு வருவா என்று. அவ சொல்லும் கூலியை வருடத்துக்குக் கணக்கிட்டு 72,800இலிருந்து கழித்து, மிஞ்சுவதை 72,800க்குப் பதிலாக மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள்.